நீலகிரி வங்கிக் கிளை மேலாளர்களுக்கு: வரி வராதவர்களின் வட்டியில் பிடிக்கும் பணம் பற்றி

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால், ஓய்வுக்குப் பிறகு சுற்று வட்டார ஹட்டிகளில் இருந்து வங்கித் தாள்களை எடுத்துக்கொண்டு ஆட்கள் என் வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பணமோ, நிலம் விற்ற பணமோ, கணவர் விட்டுப்போன பணமோ டெபாசிட்டில் இருக்கும். அவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "ரசீதில் போட்ட தொகை ஏன் கைக்கு வரவில்லை?"

ஓர் அக்காவின் கணக்கை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். எந்த வங்கி என்று சொல்லப்போவதில்லை. இது ஒரு கிளையோடு நின்றுபோன பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை.

அக்காவுக்கு 68 வயது. 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் 20 லட்ச ரூபாயை இரண்டு வருட டெபாசிட்டில் போட்டார். ஏழரை சதவீத வட்டி, காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும் வகை. முதிர்வில் சுமார் 23 லட்சத்து 20 ஆயிரம் என்று ரசீதில் அச்சாகியிருந்தது. 2025 ஏப்ரலில் கணக்கில் இருந்தது சுமார் 22 லட்சத்து 86 ஆயிரம். ஏறக்குறைய 34 ஆயிரம் குறைவு. கவுண்டரில் கேட்டபோது "டி.டி.எஸ் பிடிச்சிருக்கு, ரிட்டர்ன் போட்டு வாங்கிக்குங்க" என்று ஒரே வரியில் பதில் வந்ததாம்.

வட்டியில் முன்கூட்டியே வரியைப் பிடித்தது சட்டப்படி சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த இரண்டு வருடங்களிலும் மூத்த குடிமகனுக்கு ஒரு நிதியாண்டின் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி பத்து சதவீதம் பிடிக்க வேண்டும். அக்காவுக்கு வருட வட்டியே ஒன்றரை லட்சத்துக்கு மேல். வட்டி கையில் வரவில்லையே, டெபாசிட்டுக்குள்ளேதானே இருக்கிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வட்டியைக் கணக்கில் வரவு வைத்துவிட்டாலே போதும், கொடுத்ததற்குச் சமம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் முதிர்வு வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வருடமும் பிடிக்கிறீர்கள். மார்ச் 31 வரை சேர்ந்த வட்டியும் அந்த வருடக் கணக்கில்தான் வரும்.

என் வருத்தம் வேறு. அந்த அக்காவுக்கு வருமான வரியே கிடையாது. டெபாசிட் வட்டியைத் தவிர அவருக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்கு எடை போட்டு விற்கிற பணம் விவசாய வருமானம், வரிக்கு உட்படாது. மூத்த குடிமகனுக்கு அந்த வருடங்களில் மூன்று லட்சம் வரை வரியே இல்லை என்றிருக்கும்போது, ஒன்றரை லட்ச வட்டிக்கு எங்கிருந்து வரி வரும்? தனக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் 15எச் படிவத்தை டெபாசிட் போட்ட அன்றும் அடுத்த நிதியாண்டின் தொடக்கத்திலும் நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்க வேண்டியதில்லை. நாமினி படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இதை யாரும் நீட்டவில்லை.

அந்த 34 ஆயிரத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் அரசுக்குப் போன வரி சுமார் 31,800 ரூபாய்: முதல் வருடம் 15,400, இரண்டாம் வருடம் 16,400. மிச்சம் சுமார் 2,100 ரூபாய் யாரிடமும் இல்லை. ஒவ்வொரு காலாண்டிலும் பத்து சதவீதத்தை வெளியே எடுத்ததால், அந்தப் பணத்தின் மீது வளர்ந்திருக்க வேண்டிய வட்டி அது. வளரவே இல்லாத வட்டி என்பதால் வங்கி லாபமும் இல்லை, வரித்துறை வசூலும் இல்லை. டெபாசிட் ஐந்து வருடமாக இருந்திருந்தால், அதே அசலுக்கும் அதே வட்டிக்கும் இந்த இழப்பு மட்டும் 16 ஆயிரத்தைத் தாண்டும். வரியைப் பின்னால் திரும்ப வாங்கினாலும், டெபாசிட்டுக்குள் அது வளர்ந்திருக்கும் வேகத்தில் ஈடு கிடைக்காது.

சரி, ரிட்டர்ன் போட்டு வாங்கினோமா? இரண்டாம் வருடத்துக்கு வாங்கினோம். 2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்னைப் போட்டதும் 16,400 ரூபாய் அவர் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டது. முதல் வருடத்துப் பணம்தான் மாட்டிக்கொண்டது. 2023-24 நிதியாண்டுக்குத் தாமத ரிட்டர்ன் போடும் கடைசி நாள், நீட்டிப்பையும் சேர்த்து, 2025 ஜனவரி 15. அக்காவுக்குப் பணம் குறைந்ததே தெரியவந்தது ஏப்ரலில். இரண்டு வருட டெபாசிட்டில் முதல் வருடம் பிடித்த வரி, முதிர்வு நாளில்தான் வாடிக்கையாளர் கண்ணில் படுகிறது. அதற்குள் கேட்கிற காலம் முடிந்துவிடுகிறது. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று போட்டவர்களை நினைத்துப் பாருங்கள்.

விடுபட்ட வருடங்களுக்குப் பின்னால் போடுகிற புதுப்பிப்பு ரிட்டர்ன் என்று ஒன்று இருக்கிறது. அதில் ரீஃபண்டு கேட்க முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி, தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி முதன்மை ஆணையருக்கு மனு போடுவது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் போட வேண்டும், உண்மையான சிரமம் இருந்தது என்று காட்ட வேண்டும். மனு போட்டிருக்கிறோம். 15,400 ரூபாய்க்காக 68 வயதில் ஒருவர் தன் சிரமத்தை ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். 2025 ஏப்ரலில் விஷயம் புரிந்த அன்றே அக்கா 15எச் எழுதிக் கொடுத்தார். கையில் இருந்த ரசீதைப் பார்த்து டெபாசிட் எண்ணை நிரப்பினார், கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த டெபாசிட் தானாகப் புதுப்பிக்கப்பட்டு வேறு எண்ணுக்குப் போயிருந்தது. படிவம் முடிந்துபோன எண்ணில் பதிவாயிற்று. புதிய எண்ணின் முதல் காலாண்டு வட்டியில் ஏறக்குறைய நாலாயிரம் மறுபடி பிடிபட்டது. ஒப்புகைச் சீட்டைக் காட்டினால் "அது பழைய அக்கவுண்டுக்கு" என்கிறார்கள். பிடித்ததை அரசுக்குக் கட்டியாகிவிட்டதாம், திருப்ப முடியாதாம். இதற்கும் அடுத்த வருடம் ரிட்டர்ன்தான்.

2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கான வரம்பு ஒரு லட்ச ரூபாயாக உயர்ந்துவிட்டது, இனி இந்தத் தொல்லை இல்லை என்று கிளைகளில் சிலர் சொல்கிறார்கள். சிறிய டெபாசிட்டுக்காரர்களுக்கு உண்மைதான், நல்ல விஷயம். ஆனால் ஏழரை சதவீதத்தில் 13 லட்சம் இருந்தாலே வருட வட்டி ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். அதுவும் ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்துத்தான் கணக்கு. குன்னூர் கிளையில் ஏழு லட்சமும் கோத்தகிரி கிளையில் ஏழு லட்சமும் வைத்திருப்பவர் இரண்டும் தனித்தனி என்று நம்பிக்கொண்டிருக்கிறார், கணினி அப்படிப் பார்ப்பதில்லை. இன்னொன்று: பிறந்த தேதி தப்பாகவோ காலியாகவோ இருக்கும் கணக்கைக் கணினி மூத்த குடிமகனாக எடுத்துக்கொள்ளாது. அவருக்கு 50,000 ரூபாய் வரம்புதான். வட்டியில் அரை சதவீதம் கூடுதல் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்த பான் இன்னும் மோசம். பத்துக்குப் பதில் இருபது சதவீதம் பிடிபடும். பான் எண்ணே கணக்கில் ஏறவில்லை என்றால் 15எச் கொடுத்தும் செல்லாது. பிடித்த பணம் வரித்துறையில் அவர் பெயரில் இருக்கும் 26ஏஎஸ் பதிவில் வராது, எனவே ரிட்டர்ன் போட்டாலும் கேட்க முடியாது. இப்படி ஒருவரை நீங்கள் கணினியில் பார்த்தால் தயவுசெய்து போன் போட்டுச் சொல்லுங்கள். குறுஞ்செய்தி போதாது. எங்கள் ஹட்டிகளில் பலர் ஆங்கிலக் குறுஞ்செய்தியைத் திறப்பதே இல்லை.

எல்லாருக்கும் 15எச் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல ஓய்வூதியம் வாங்கி, வரி கட்டவேண்டிய நிலையில் இருப்பவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. பொய் உறுதிமொழிக்குத் தண்டனை உண்டு. அவருக்குப் பிடித்தம் என்பது கட்டவேண்டிய வரியில் ஒரு பகுதி, அவ்வளவுதான். யாருக்குப் பொருந்தும் என்று இரண்டு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்: ஓய்வூதியம், வாடகை ஏதாவது வருகிறதா? தேயிலைப் பணத்தைத் தவிர வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?

நான் கேட்பது இவ்வளவுதான். டெபாசிட் போடுகிற மேசையிலேயே 15எச் இருக்கட்டும். தானாகப் புதுப்பிக்கும்போது, அந்த வருடம் ஏற்கெனவே படிவம் கொடுத்தவர் என்றால் புதிய எண்ணையும் அதில் சேர்க்க உங்கள் தலைமை அலுவலகத்திடம் வழி கேளுங்கள். வழி இல்லை என்றால் அவரைக் கூப்பிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். சேர்ந்து வளரும் டெபாசிட்டுக்கு, முதிர்வுத் தொகையின் கீழே "வரி பிடிக்கப்பட்டால் இது குறையும்" என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அப்புறம், பிடித்த வரிக்கான 16ஏ சான்றிதழைக் கேட்டு வருபவரை "ஆன்லைனில் எடுத்துக்குங்க" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதைக் காலாண்டுக்கு ஒருமுறை கொடுப்பது உங்கள் கடமை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு நவம்பர் 15-க்குள் கொடுத்திருக்க வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் வரி பிடிக்கப்பட்ட அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியல் உங்கள் கணினியில் இருக்கிறது. அந்த வருடத்துக்குத் தாமத ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரைதான் நேரம். அவர்களை இந்த மாதமே கூப்பிட்டு 16ஏ-வைக் கையில் கொடுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்களை என்னிடம் அனுப்பலாம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கோத்தகிரி, நவம்பர் 2025