கணக்கை அழிக்கும் முன் அரை மணி நேரம் கொடுங்கள்: எச்.ஆர்., ஐடி துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் எச்.ஆர். மேலாளர்களுக்கும் ஐடி அட்மின்களுக்கும்,

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, கேக் வெட்டி, மே 31 வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐடி கார்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று 6:40க்குப் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது போனில் ஒரு அழைப்பு. பெயர் வரவில்லை, வெறும் எண். எடுத்தால் பாப்பாவின் பள்ளி வேன் ஓட்டுநர், திங்கட்கிழமை நேரம் மாறியிருக்கிறது என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறார். தினமும் பேசுகிறவர் பெயர் ஏன் வரவில்லை என்று கான்டாக்ட்ஸைத் திறந்தேன். சிம்மில் இருந்த நான்கு பேர் மட்டும் மிச்சம். வாட்ஸ்அப்பில் அரட்டைகள் எல்லாம் இருந்தன, ஆனால் மேலே பெயர் இருந்த இடத்தில் எண்கள்.

நடந்தது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். போன் என் காசில் வாங்கியது. ஆனால் வாங்கிய அன்று முதலில் சேர்த்தது அலுவலகக் கூகுள் கணக்கை, சொந்த ஜிமெயிலை அப்புறம்தான். அதனால் அந்தப் போனில் பதிந்த எண்ணெல்லாம், அம்மாவின் டாக்டர், கேஸ் ஏஜென்சி, பிளம்பர் உட்பட, தானாகவே அலுவலகக் கணக்கில் போய் உட்கார்ந்தன. கணக்கைச் சேர்க்கும்போது 'நிறுவனம் இந்தக் கணக்கை நிர்வகிக்கலாம்' என்று கேட்டதற்கு ஓகே தட்டியதும் நான்தான். வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்களில் ஒருவர் அட்மின் பக்கத்திலிருந்து போனில் இருந்த அந்தக் கணக்கைத் துடைத்தார். கணக்கோடு சேர்ந்து அதில் பதிந்த பெயர்களும் போயின. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. செக்லிஸ்டில் இருந்ததைச் செய்தார்.

என் குறை அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை, ஜூன் 4, எச்.ஆருக்குப் போன் செய்தேன். 'மெயில் போடுங்க சார்' என்றார்கள். சொந்த ஜிமெயிலிலிருந்து போட்டேன். 'டிக்கெட் ரெய்ஸ் பண்ணுங்க' என்று பதில். டிக்கெட் போடும் பக்கத்தில் நுழைய அலுவலக ஐடி வேண்டும்! அது இருந்தால் நான் ஏன் டிக்கெட் போடப் போகிறேன்? கடைசியில் பழைய டீம் நண்பர் ஒருவர் தன் பெயரில் போட்டுக் கொடுத்தார். ஜூன் 27 அன்று பதில் வந்தது: 'அக்கவுண்ட் ஏற்கெனவே டெலீட் செய்யப்பட்டுவிட்டது, எதுவும் செய்ய இயலாது.'

அந்தக் கணக்கை அழித்தது ஜூன் 3, திங்கட்கிழமை. கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அழித்த பயனரை 20 நாட்கள் வரை மீட்க முடியும். சூப்பர் அட்மின் ஒருவர், சமீபத்தில் அழித்தவர்கள் பட்டியலைத் திறந்து, ஒரு காலி லைசென்ஸ் இருந்தால், பெயரைத் தேர்ந்தெடுத்து மீட்டுவிடலாம். 20 நாள் தாண்டினால் அட்மினாலும் முடியாது. நான் முதலில் கேட்டது அழித்த மறுநாள். பதில் வந்தது 24ஆம் நாள். அதாவது 'இயலாது' என்பது உண்மைதான், ஆனால் நான் கேட்டபோது இயன்றது. டிக்கெட் வரிசையில் கிடந்தபோதுதான் அது இயலாததாக மாறியது. உங்களில் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கெடு 30 நாள். அங்கேயும் இதே கதை நடக்கும், பத்து நாள் தள்ளி.

அவசரமாக ஏன் அழிக்கிறீர்கள் என்பதும் தெரியும், நான் அக்கவுண்ட்ஸ்காரன். 'Suspend' செய்து வைத்தால் மெயில், கோப்பு, கான்டாக்ட் எல்லாம் அப்படியே இருக்கும், ஆளால் மட்டும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் நிறுத்திவைத்த கணக்குக்கும் லைசென்ஸ் கட்டணம் ஓடும். புது ஆள் திங்கட்கிழமை வருகிறார், அவருக்கு ஒரு சீட் வேண்டும், போனவரைத் தூக்கு என்று கணக்குப் போடுகிறீர்கள். ஒரு மாதச் சீட்டின் விலை என்ன என்று அந்த பில்லை ஒன்பது வருடம் பாஸ் செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். போகிறவருக்கு வெட்டும் கேக்கை விடப் பெரிய செலவு இல்லை.

கோப்புகள் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். கணக்கை அழிக்கும்போது டிரைவில் உள்ளதை இன்னொருவருக்கு மாற்றட்டுமா என்று அட்மின் பக்கம் கேட்கும். உங்கள் ஆள் என் மேலாளர் பெயரைக் கொடுத்திருக்கிறார். அதனால் என் பழைய ஈமெயில் முகவரியே பெயராக இருக்கும் ஒரு ஃபோல்டர் அவருடைய டிரைவில் போய் விழுந்திருந்தது. அதற்குள் அப்பாவின் நிலத்துப் பட்டா, வில்லங்கச் சான்று, எட்டு வருடச் சம்பள ரசீதுகள், பாப்பாவின் மொட்டை போட்ட படங்கள். மேலாளர் நல்ல மனிதர், 'சொந்தம்' என்று பெயர் வைத்திருந்த ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். என் குடும்பச் சொத்து விவரம் மூன்று வாரம் அவர் கணினியில் கிடந்தது இருவருக்குமே சங்கடம். அலுவலக டிரைவில் அதை வைத்த முட்டாள்தனம் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேனர் ஆபீஸில்தான் இருந்தது.

ஆனால் அந்த மாற்றும் பட்டியலில் டிரைவ் இருக்கிறது, காலண்டர் இருக்கிறது, கான்டாக்ட்ஸ் இல்லை. அது யாருக்கும் மாறாமல் கணக்கோடு அழிந்துபோகும். 'எல்லாத்தையும் மேனேஜருக்கு மாத்திட்டோம்' என்று உங்கள் அட்மின் மனசாட்சியோடு சொல்வார். அதில் தொலைபேசி எண்கள் சேர்த்தி இல்லை என்று அவருக்கே பல சமயம் தெரியாது.

எண்களை நான் மீட்ட விதத்தையும் சொல்கிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். இரண்டு வருடம் முன்பு மாற்றிய பழைய போன் பீரோவில் கிடந்தது. அதிலும் அதே அலுவலகக் கணக்கு. ஆன் செய்தால் வீட்டு வைஃபையைத் தானே பிடித்துக்கொள்ளும், பிடித்தால் துடைக்கச் சொல்லும் உத்தரவு அதற்கும் வந்து சேரலாம். அதனால் முதலில் ரவுட்டரை அணைத்தேன் (டிவியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்த பாப்பா போட்ட கூச்சல் தனிக்கதை). சிம் இல்லாமல் போனைப் போட்டு, ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றி, கான்டாக்ட்ஸ் செயலியில் 'Export to file' தட்டினேன். எந்தக் கணக்கிலிருந்து என்று கேட்டது, அலுவலக முகவரியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு .vcf கோப்பு வந்தது. அதைக் கேபிள் வழியாகக் கணினிக்கு எடுத்து, சொந்த ஜிமெயிலில் ஏற்றினேன். 640 பேர் திரும்பி வந்தார்கள். கடைசி இரண்டு வருடத்தில் சேர்ந்தவர்கள் வரவில்லை. அம்மாவின் இப்போதைய டாக்டர் அந்த வகை.

போனிலிருந்து கணக்கு இன்னும் நீங்காமல், பாஸ்வேர்டு மட்டும் மாறியிருந்தால், ஏற்கெனவே இறங்கிய எண்கள் பெரும்பாலும் போனிலேயே இருக்கும். 'மறுபடி உள்நுழையவும்' என்று போன் நச்சரிக்கிறதே என்று கணக்கை நீக்கிவிட்டால் அதுவும் போச்சு. முதலில் ஏற்றுமதி, அப்புறம் நீக்கம்.

அந்த மூன்று வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. முந்தைய நிதியாண்டின் படிவம் 16ஐ ஜூன் 15க்குள் நிறுவனம் தர வேண்டும். சம்பள மென்பொருள் அதை என் அலுவலக முகவரிக்கே அனுப்பியிருக்கிறது. மே மாதத்தில் விலகும் எவருக்கும் இதுதான் கதி: படிவம் தயாராகும்போது அதைப் பெறும் பெட்டி இல்லை. ஜூலையில் நானாகக் கேட்டு வாங்கினேன். விலகும் நாளில் சம்பள மென்பொருளில் சொந்த ஈமெயிலை மாற்றி வைக்க ஐந்து நிமிடம் ஆகாது.

சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் எழுதவில்லை, காட்டவும் பெரிதாக ஒன்றும் இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பார்க்கக் கேட்கும் உரிமை நாம் ஒப்புதல் கொடுத்த தரவோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை தொடர்பான பயன்பாட்டுக்கு ஒப்புதலே தேவையில்லை என்று தனிப் பிரிவு இருக்கிறது. ஐரோப்பாவில் உள்ளதுபோல் தரவை எடுத்துக்கொண்டு போகும் உரிமையும் நம் சட்டத்தில் இல்லை. ஆக, இது கோரிக்கைதான்.

வாடிக்கையாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குப் போகிறவர்கள் உண்டு, உங்கள் பயம் நியாயம். அதனால் 'Takeout'ஐத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அது மொத்த மெயிலையும் அள்ளித் தந்துவிடும். நான் கேட்பது கடைசி வாரத்தில் அரை மணி நேரம், உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. contacts.google.com திறந்து, வாடிக்கையாளர் எண்களை விட்டுவிட்டு, சொந்த எண்களை மட்டும் டிக் செய்து ஏற்றுமதி செய்யலாம். அங்கே சிஎஸ்வி வேண்டாம், விகார்டு வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சிஎஸ்வியை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழில் பதிந்த பெயர்கள் à®® என்று கிறுக்கலாக வரும், அதை அப்படியே சேமித்தால் பெயர்கள் போனது போனதுதான். டிரைவில் 'சொந்தம்' ஃபோல்டரை இருவரும் ஒருமுறை பார்த்து, பதிவிறக்கி, அங்கேயே அழித்துவிடலாம். அந்தச் சமயத்திலேயே போனில் ஒரு எண்ணைத் திறந்து, அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று எடிட் பக்கத்தில் பார்க்கவும் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் முதல் அதிர்ச்சி இருக்கும்.

அப்புறம் 30 நாள் 'Suspend', அதற்குப் பிறகு அழிப்பு. அந்த 30 நாளில் தொடர்புகொள்ள ஒரு ஆளின் பெயரும் எண்ணும் ரிலீவிங் கடிதத்தின் அடியில் இருக்கட்டும். உள்நுழையத் தேவையில்லாத ஒரு எண் போதும், அந்த டிக்கெட் பக்கம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்த, அம்மாவின் டாக்டர் எண்ணை மருந்துச் சீட்டில் தேடி எடுத்த ஒருவன்