அந்த மைனஸ் நூறை எடுத்துவிடுங்கள்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் இன்டர்னலின் மதிப்பெண்கள் மூடில் இணையத் தேர்வுத் தளத்தில் வெளிவந்த கதை தங்களுக்குத் தெரியும். முதல் இன்டர்னலில், பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறான விடைகளுக்கு 0% என்று வைத்திருந்தீர்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டவர்கள் முழு மதிப்பெண் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குப் பரிகாரமாக இம்முறை ஒவ்வொரு தவறான விடைக்கும் -100%.

நெட்வொர்க் தாளில் ஒரே ஒரு கேள்வியைப் பாருங்கள். 'TCP-ஐப் பயன்படுத்துபவை எவை? பொருந்தும் அனைத்தையும் தேர்க.' விடைகள்: SMTP, FTP, SSH, DHCP, DNS. முதல் மூன்றும் சரி, தலா 33.33333%. SMTP-ஐ மட்டும் டிக் செய்தவருக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மூன்றையும் டிக் செய்து, கூடவே DNS-ஐயும் சேர்த்தவருக்கு 100-இல் 100 போய்ப் பூஜ்யம். எதையுமே தொடாதவருக்கும் அதே பூஜ்யம்.

இதில் கொடுமை, DNS-ஐ டிக் செய்தவர் சொன்னது தவறே அல்ல. DNS பெரும்பாலும் UDP-இல் ஓடினாலும், ஸோன் டிரான்ஸ்ஃபருக்கும் பெரிய பதில்களுக்கும் TCP-க்குத்தான் போகிறது. ஒற்றை விடைக் கேள்வியில் 'மிகப் பொருத்தமானது' என்று சமாளிக்கலாம். இங்கே ஒவ்வொரு கட்டமும் தனித்தனி சரி-தவறு கேள்வி. 'பெரும்பாலும்' என்ற பேச்சுக்கு இடமில்லை. கூடுதலாகப் படித்ததற்குத் தண்டனை என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டால் நாங்களும் அப்படியே நடத்திவிடுவோம்.

மைனஸ் நூறை எடுத்துவிடுங்கள். தவறான விடைகள் எத்தனையோ, அத்தனையாக 100-ஐப் பிரித்து மைனஸில் போட்டால் போதும். DNS இருந்த இடத்தில் TFTP-ஐ வைத்தால் தவறு இரண்டு, தலா -50%. ஐந்தையும் டிக் போட்டால் பூஜ்யம். மூன்று சரியோடு ஒரு தவறு சேர்ந்தால் பாதி. இரண்டு சரி மட்டும் என்றால் 66.67%. கூட்டல் மைனஸில் இறங்கினாலும் மூடில் பூஜ்யத்தோடு நிறுத்திவிடும். 'தவறானதை டிக் போடாமல் விட்டதும் சரியான முடிவுதானே' என்று கட்டத்துக்கு 20% கொடுக்கும் யோசனையும் குழுவில் வந்ததாகக் கேள்வி. அப்படியானால் வெறும் தாளுக்கே 40% கிடைக்கும்.

GATE தேர்வில் இவ்வகைக் கேள்விக்குப் பகுதி மதிப்பெண்ணே கிடையாது. ஜேஇஇ அட்வான்ஸ்டில் உண்டு. எதுவானாலும் விதி முன்கூட்டியே தெரியும். இங்கே அது ரிசல்ட்டில்தான் தெரிகிறது. ஹால் டிக்கெட்டில் செருப்பு எங்கே கழற்றுவது என்று போட இடமிருக்கிறது, இதற்கு ஒரு வரி இல்லை.

போகட்டும். நடந்த தேர்வில் இந்தக் கேள்விக்கு DNS-ஐ 0%, DHCP-ஐ -50% என்று மாற்றி ரீகிரேடு செய்யுங்கள். ஐந்தையும் டிக் போட்டவருக்குப் பாதி கிடைத்துவிடும்தான். கேள்வியில் நேர்ந்த பிழைக்கு அது நாம் கொடுக்கும் விலை. மற்றக் கேள்விகளிலும் மைனஸ் நூறை எடுத்துவிட்டு, மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் மறுபடி கணக்கிட்டுத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பாட ஆசிரியர்கள்