லாக்கரில் இருக்கிற உன் நகை

அன்பு மகளுக்கு,

நேற்று பேங்குக்குப் போய் உன் நகைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த ஆபீசர் தன் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு வெளியே போய்விட்டார். நான் என் சாவியைப் போட்டுத் திறந்து, ரோஸ் காகிதத்தில் சுற்றியிருந்த காசுமாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. "பேங்க்லதானேம்மா இருக்கு"ன்னு நீ சொல்வாயே, அதற்கான பதில் இதில்தான் இருக்கிறது. பேங்க் நமக்கு வாடகைக்குத் தருவது பெட்டி மட்டும்தான். உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

2022 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டிடம் இடிவது, ஊழியரின் மோசடி இவற்றால் நகை போனால், பேங்கின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. நம் வாடகை 3,000 ரூபாய், அதனால் 3 லட்சம். உன் நகை 40 பவுன். பவுன் 70,000 என்று குறைத்தே போட்டாலும் 28 லட்சம். மீதி 25 லட்சத்துக்கு யாரும் பொறுப்பில்லை. வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் என்றால் அந்த 3 லட்சமும் கிடையாது, பேங்க் தரப்பில் அஜாக்கிரதை இருந்தாலொழிய.

அதனால்தான் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறேன். லாக்கர் நகைக்கு பேங்க் பாலிசி விற்கக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். ஆகவே பேங்க் கவுன்டரில் யாராவது நீட்டினால் வாங்காதே. பொதுக் காப்பீட்டு கம்பெனியில் லாக்கருக்கென்றே தனி பாலிசி இருக்கிறதா என்று கேள், இல்லாவிட்டால் வீட்டுப் பாலிசியோடு நகைக்கான பகுதியைச் சேர்த்துக்கொள். அப்படிச் சேர்த்தால் இரண்டு விஷயம் பார். பாலிசித் தாளில் நகை இருக்கும் இடமாக பேங்க் விலாசம் எழுதியிருக்க வேண்டும், வீட்டு விலாசம் மட்டும் இருந்தால் லாக்கரில் போனதற்குப் பணம் வராமல் போகலாம். அடுத்தது, திருட்டு சேர்ந்திருக்கிறதா என்பது. சாதாரண வீட்டுப் பாலிசி தீயையும் வெள்ளத்தையும் எடுத்துக்கொள்ளும், தனியாக நடக்கும் திருட்டை எடுத்துக்கொள்ளாது.

தொகை எவ்வளவு என்று நாம்தான் சொல்ல வேண்டும், ஆனால் கிளெய்ம் வரும்போது நிரூபிப்பதும் நாம்தான். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் எடையும் தூய்மையும் எழுதி வாங்கப் போகிறேன். நேற்றே ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியில் வைத்துப் போட்டோ எடுத்துவிட்டேன். ஆரத்தின் பில் கிடைத்தது. காசுமாலைக்கு ஏது பில், அது உன் பாட்டியோடது, அதற்கு மதிப்பீட்டுச் சீட்டுதான் ஆதாரம். தங்கம் ஏறிக்கொண்டே போகிறதால், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது தொகையையும் ஏற்ற வேண்டும்.

போட்டோக்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன், பிரிண்ட் போட்டு உன்னிடம் வைத்துக்கொள். லாக்கருக்குள்ளேயே ஒரு நகலை வைக்கலாம் என்று உன் அப்பா சொன்னார். நகையோடு சேர்ந்து அதுவும் போவதற்கா?

அன்புடன்,
அம்மா