வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: பூவை எடுத்தது பிரிண்டர் இல்லை

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

ஆனித் தேரோட்டத்துக்குப் பிறகு நம் ஸ்டூடியோவில் பிரிண்டுக்கு வந்த படங்களைப் பற்றி டவுன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடுகிறது. "அந்தக் கடையில பிரிண்ட் போட்டா தலையில வச்ச பூவையே காணோம்" என்கிறார்கள். கடைக்கு வந்து கேட்டிருந்தால் மூலப்படத்தையும் பிரிண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்போம். பூவை எடுத்தது பிரிண்டர் இல்லை. போன் கேலரியில் பின்னணியை மங்கலாக்கியபோதே அது போய்விட்டது. போன் திரையில் கண்ணுக்குத் தெரியவில்லை.

எடுத்து முடித்த சாதாரணப் படத்தில் எது பக்கம், எது தூரம் என்ற கணக்கு பெரும்பாலும் இருக்காது. கேலரி தானே ஆளின் உருவத்தை ஊகித்து, சுற்றி ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே இருப்பதை மங்கலாக்கும். முகம், தோள், சேலை போன்ற பெரிய பரப்பில் கோடு சரியாக விழும். மல்லிகைச் சரம், ஜிமிக்கி, பறக்கும் முடி போன்றவற்றில்தான் தடுமாறும்.

பேச்சுக்குக் காரணமான படத்தையே எடுத்துக்கொள்வோம். ரத வீதியில் இடுப்பில் பிள்ளையோடு ஓர் அக்கா. பின்னால் பலூன்காரர், டியூப் லைட், கூட்டம். மல்லிகைச் சரத்துக்கு நேர் பின்னே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்ததில் கேலரி பூவையும் சட்டையென்று எடுத்துக்கொண்டு மங்கலாக்கிவிட்டது. முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி. அது உருவத்துக்குள் சேர்ந்துவிட்டதால் அங்கே மட்டும் பின்னால் நிற்பவரின் வேட்டிக்கரை பளிச்சென்று தெரிகிறது. போனில் படத்தின் அகலம் ஏழு சென்டிமீட்டர்தான். 12×18 அங்குல பிரிண்டில் அதே அகலம் நாலு மடங்குக்கும் மேலே போகிறது. திரையில் ஒரு மில்லிமீட்டர் பிசகு, சுவரில் மாட்டும்போது நாலு மில்லிமீட்டருக்கு மேல். குறை புதிதாக வரவில்லை, பெரிதாகிறது.

இதை வீட்டிலேயே சரியாகச் செய்யலாம். கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து Edit, பிறகு Tools, அதில் Blur. போனுக்குப் போன் பட்டன் இடம் மாறும். சாம்சங் கேலரியில் இந்த வசதி பெரும்பாலும் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கும். முதலில் ஆளின் முகத்தைத் தொட்டு, கூர்மை எங்கே வேண்டும் என்று காட்டுங்கள். தானாக வரும் அளவை அப்படியே ஏற்க வேண்டாம். அளவுகோலைச் சுழிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெதுவாக ஏற்றுங்கள். பின்னால் நிற்பவரின் முகம் அடையாளம் தெரியாமல் போகும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் பாதிக்குக் கீழேயே அது வந்துவிடும். மங்கல் கூடக் கூட வெட்டுக்கோடு காட்டிக்கொடுக்கும்.

சேமிக்கும் முன் இரண்டு விரலால் பெரிதாக்கி, காது, கொண்டை, முழங்கை இடுக்கு, மூக்குக்கண்ணாடி ஓரம் இவற்றைப் பாருங்கள். ஆளைச் சுற்றி வெளிறிய வளையம் தெரிந்தால் அளவைக் குறையுங்கள். குறைத்தும் பூ மங்கலாகவே இருந்தால், மங்கலாக்காமல் படத்தை நெருக்கி வெட்டிக்கொள்வது நல்லது. முழு உருவப் படத்தில் காலடியையும் பாருங்கள். உண்மையான லென்ஸில் கால் பக்கத்துத் தரை தெளிவாக இருந்து, பின்னால் போகப் போகத்தான் மங்கும். தரை முழுக்க ஒரேயடியாக மங்கினால் ஆள் அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். சில போன்களில் Blur பக்கத்திலேயே Depth என்று இன்னொரு அளவுகோல் இருக்கும். அதை நகர்த்தினால் இது ஓரளவு சரியாகும். இடுப்பளவுப் படத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

மங்கலாக்கிய படத்தையே திரும்பவும் மங்கலாக்காதீர்கள். ஓரத்தில் ஏற்கெனவே கலங்கியிருப்பதைப் பார்த்து இரண்டாவது கோடு இன்னும் தப்பாக விழும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்திலும் வேண்டாம். நுணுக்கம் குறைந்த படத்தில் முடியையும் பின்னணியையும் பிரிப்பது கேலரிக்கு இன்னும் கஷ்டம். எடுத்த போனிலேயே செய்து, மூலப்படத்தை அழிக்காமல் நகலாகச் சேமித்து, எங்களுக்கு இரண்டையும் டாக்குமெண்டாக அனுப்புங்கள். பூ போயிருந்தால் மூலத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம். மூலம் இல்லையென்றால் யாராலும் முடியாது.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று எல்லாவற்றுக்கும் நம் கடைப்படி ஏறிவரும் உங்களுக்கு நன்றி சொல்லி மாளாது. பெரிய பிரிண்ட் எதுவானாலும் இனி ஓரங்களை மானிட்டரில் உங்களிடம் காட்டிய பிறகே போடுவோம். அதற்குக் காசு கிடையாது.

திருத்த வேலை பார்த்த தம்பி ஊருக்குப் போய்விட்டதால், கையால் பின்னணி திருத்துவதற்கு மட்டும் ஆவணி முதல் படத்துக்கு 80 ரூபாய், இரண்டு நாள் ஆகும்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ உரிமையாளர்,
திருநெல்வேலி டவுன்