அந்தக் குறிப்பு

அன்புள்ள கண்ணம்மா,

அக்காவுக்கு நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அவள் எனக்குக் காட்டினாள். அந்த நிறுவனத்தின் இயக்குநர் லிங்க்ட்இன்னில் உன் அழைப்பை ஏற்றுக்கொண்டார் என்று துள்ளியிருக்கிறாய். வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அழைப்போடு நீ எழுதிய குறிப்பையும் படித்தேன். "உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் வாய்ப்பு தேடுகிறேன். என் சுயவிவரம் பாருங்கள். 15 நிமிடம் பேச முடியுமா?" நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், பிழையில்லை. ஆனால் பெயரை மாற்றி இதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். வாங்குபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

நானும் அந்த நாற்காலியில் இருந்தவள்தானே. இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் போனைத் திறந்தால் அழைப்புகள் வரிசையாக நிற்கும். ஒரு சின்னப் படம், பெயர், ஹெட்லைன், குறிப்பின் இரண்டு வரி, அவ்வளவுதான் கண்ணில் படும். இது யார், ஏன் என்னிடம், ஏற்றுக்கொண்டால் அடுத்து என்ன கேட்பார்? இந்த மூன்றாவதுதான் கையைத் தடுக்கும். 15 நிமிடம் என்று பார்த்ததுமே, ஏற்றுக்கொண்டால் கடன்பட்டுவிடுவோம் என்று தோன்றும். விரல் தானாக அடுத்ததற்குப் போய்விடும்.

அதனால் குறிப்பில் எதையும் கேட்காதே. அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல், அதே காரியத்தில் உனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல், நிறுத்து. அவர் போன மாதம் பேசிய வீடியோவைப் பார்த்தாய் அல்லவா, அதை வைத்தே எழுதியிருக்கலாம்:

"திரும்பி வரும் பொருட்களுக்கு இரண்டாவது ஸ்கேனை நிறுத்தியது பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். எங்கள் கிடங்கிலும் செய்தோம். சேதமான பொருட்கள் நழுவின, வாசலிலேயே ஒரு சோதனை வைத்த பிறகு சரியானது. உங்கள் பதிவுகளைத் தொடர விரும்புகிறேன்."

ஆங்கிலத்தில் எழுதினால் இது 200 எழுத்துக்குள் அடங்கும். இலவசக் கணக்குக்கு அவ்வளவுதான் இடம், அதுவும் குறிப்போடு அனுப்புவது மாதத்துக்குச் சிலதான். அதைப் போய் "வணக்கம், நலமா"வில் செலவழிக்காதே. இதைப் படிக்கும் ஆளுக்கு, "வாசலில் என்ன சோதனை?" என்று கேட்கத் தோன்றும். அந்தச் சேதக் கணக்கை நீ தனியாக உட்கார்ந்து பிடித்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நீ மட்டும் அதை ஒருவரிடமும் சொல்வதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இன்னொன்று. போனில் Connect-ஐ அழுத்தினால் சில சமயம் குறிப்பு கேட்காமலே அழைப்பு போய்விடும், பார்த்து அழுத்து. பெரிய ஆட்கள் பக்கத்தில் Follow மட்டும் முன்னால் நிற்கும், Connect அந்த More-க்குள் இருக்கும். தப்பாகப் போனதைத் திரும்பப் பெற்றால், அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். இயக்குநரை விட, நீ கேட்கும் வேலைக்கு ஒரு படி, இரண்டு படி மேலே இருப்பவர்களுக்கு அனுப்புவது நல்லது. ஆள் எடுப்பது அவர்கள்தான், வரும் அழைப்புகளும் குறைவு. ஆனால் கேட்காதே, குறிப்பில் எதையும் கேட்காதே. ஏற்றுக்கொண்ட நிமிடமே சுயவிவரத்தை அனுப்பாதே. இரண்டு நாள் விட்டு, ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக ஒன்று கேள்.

சரி, இதையெல்லாம் ஏன் இப்போது சொல்கிறேன்? நீதான் ஜெயித்துவிட்டாயே. அதே குறிப்பை இன்னும் ஏழு பேருக்கு அனுப்பப்போகிறாய் என்று அக்கா சொன்னாள்.

கண்ணம்மா, அந்த இயக்குநர் ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவர். உன் அழைப்பு பத்து நாளாகக் கிடந்தது. அவராகவே போன் செய்து, "மேடம், இது உங்க பொண்ணா?" என்றார். ஆமாம், ஏற்றுக்கொள் என்றேன். பெரியவன் விஷயத்துக்குப் பிறகு இனி யாரிடமும் பேசமாட்டேன் என்று உங்கள் இருவரிடமும் சத்தியம் செய்தவள் நான். கேட்ட அரை நிமிடத்தில் சொல்லிவிட்டேன். உன்னால் முடியாது என்று நினைத்துச் சொல்லவில்லை. இல்லை, ஒரு நொடி அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போல.

அந்த ஏழு பேரில் யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. அவர்களுக்குப் பழைய குறிப்பு போகக் கூடாது என்றுதான் எழுதினேன். அவரிடம் நான் வேறெதுவும் கேட்கவில்லை, இனி பேசவும் மாட்டேன். மீதியை நீயே பார்த்துக்கொள்.

கோபம் ஆறியதும் போன் செய். வேலையைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.

அம்மா