வாளித் தண்ணீர் கேட்ட அண்ணனுக்கு நன்றி

இந்த மழையில் எங்கள் டீத்தூள் பாக்கெட்டுகள் என்ன பாடு பட்டன என்பது கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். ஈரமும் மசாலா வாசமும் ஏறி, மளிகைக்கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. அதற்கு மேல் சொல்லப் போவதில்லை. புதிதாக அனுப்பிய சரக்கு மணம் மாறாமல் இருக்கிறது என்று கீழமாசி வீதி கடைகளிலிருந்து நேற்று தகவல் வந்துவிட்டது. அந்த நிம்மதியில் எழுதுகிறோம்.

முதல் நன்றி, மசாலாப்பொடிப் பட்டறையில் பேக்கிங் மிஷின் பார்க்கும் அண்ணனுக்கு. டீ குடிக்க வந்தவர், பேச்சைக் கேட்டுவிட்டு, "ஒரு வாளித் தண்ணி எடுங்க, ரெண்டு பாக்கெட் குடுங்க" என்றார். பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கி லேசாக அழுத்தினார். மேல் சீலின் ஒரு மூலையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. அந்த இடத்தில் சீலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே பழுப்பாக ஒரு கோடு. டீத்தூள்தான்.

டீக்கடைக்கு ஏற்றது சி.டி.சி. தேயிலையில் டஸ்ட் ரகம். துணி வடிகட்டியில் போட்டுக் கொதிநீர் ஊற்றியதுமே சாயமும் ஸ்ட்ராங்கும் இறங்க வேண்டும். பெரிய குருணை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. 'இதே தூளை வீட்டுக்கும் குடுங்க' என்று வாடிக்கையாளர்கள் கேட்டதில்தான் காகிதப் பொட்டலம் ஆரம்பித்துப் பிறகு பாக்கெட் ஆனது. எந்தப் பொடித்தன்மையால் கடை டீக்குப் பேர் வந்ததோ, பாக்கெட்டில் அதுவே வம்பு. தூள் விழும் வேகத்தில் நுண்பொடி மேலே எழும்புகிறது. பிளாஸ்டிக்கில் உரசி மின்னேற்றம் வேறு சேர்வதால், தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிற மாதிரி பையின் வாயில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. சீல் வைக்கும்போது உள்படலம் உருகி ஒன்றோடொன்று சேர வேண்டும். நடுவில் தூள் இருந்தால் அந்த இடம் சேராது. கண்ணுக்குத் தெரியாத அந்த வழியாக ஈரமும், பக்கத்து மூட்டையின் மிளகாய், பெருங்காய வாசமும் உள்ளே போகின்றன.

சீல் விடுகிறது என்றால் எல்லோரும் சூட்டைத்தான் கூட்டுவார்கள். தூள் உருகாது, படலம்தான் சுருங்கி ஓரத்தில் கிழியும். சூடு குறைந்தால் சீல் முழு நீளத்துக்கும் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வரும். தூள் மாட்டியிருந்தால் அந்த ஓர் இடம் மட்டும் பிரியும். நல்ல சீலை இழுத்தால் பக்கத்துப் படலம் கிழியுமே தவிர சீல் பிரியாது. அவர் சொன்ன இந்த வித்தியாசம் எங்களுக்குப் பெரிய சொத்து.

இப்போது பிளாஸ்டிக் புனலை எடுத்துவிட்டு, சீல் விழும் கோட்டுக்குக் கீழே வரை இறங்கும் நீளமான எவர்சில்வர் புனல். தூளை மெதுவாக விட்டு, பையைத் தட்டி, எழும்பிய பொடி அடங்கக் கொஞ்சம் பொறுத்து, வாயின் உள்பக்கத்தை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்த பிறகுதான் சீல். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, நடக்கட்டும்.

எடையும் காட்டிக்கொடுக்கும் என்றார். 250 கிராம் தூளில் ஈரம் 4 சதவீதம் என்றால் உலர்ந்த தேயிலை 240 கிராம். ஈரம் 8 சதவீதமானால் அதே தூள் ஏறக்குறைய 261 கிராம் நிற்கும். எடை கூடிய பாக்கெட்டைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்பது டீத்தூள் விஷயத்தில் உண்மை! ஒன்று மட்டும்: மூட்டையைத் திறந்து போட்டு ஏற்கெனவே ஈரம் குடித்த தூளை எவ்வளவு நல்ல சீலும் காப்பாற்றாது. அதனால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, மூட்டையின் உள்பையை உடனே இறுகக் கட்டிவிடுகிறோம்.

சரக்கைத் திருப்பி எறியாமல் பொறுத்திருந்த மளிகைக்கடை அண்ணாச்சிமார், திரும்பி வந்த பெட்டிகளை வாடகை பேசாமல் ஏற்றி வந்த ஆட்டோத் தம்பி, பாக்கெட் பிரிக்க உட்கார்ந்த தெருவாசிகள், விடியற்காலையில் வந்து 'கடை டீ மாறலைல்ல' என்று கேட்டு இரண்டாவது கிளாஸும் வாங்கிக் குடித்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. பேர் போட்டால் யாராவது விட்டுப்போகும், கோபம் வரும்.

இனிமேல் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பாக்கெட் வாளிக்குள் போகும். குமிழி வந்தால் அந்தப் பெட்டி வெளியே போகாது. நனைந்த பாக்கெட் நல்லதாக இருந்தாலும் விற்பனைக்கு இல்லை, துடைத்துப் பிரித்துக் கடை டீக்கே போட்டுவிடுவோம்.

வீட்டில் எங்கள் பழைய பாக்கெட் இருந்தால், பிரித்து ஒரு சிட்டிகை எடுத்துப் பாருங்கள். விரலிலிருந்து உதிராமல் கட்டியாக நின்றாலோ, மசாலா வாசம் அடித்தாலோ கடைக்குக் கொண்டுவாருங்கள். பாதி காலியாகி இருந்தாலும் முழுப் பாக்கெட்டாக மாற்றித் தருகிறோம், பில் வேண்டாம்.