மச்சி என்று கூப்பிட

மச்சி,

'அன்புள்ள நண்பனுக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தால் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் கிடந்த நாளிலிருந்து உன்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. ஐம்பது வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. டிவியில் ஓடுகிற எழுத்தைத் தானே படிக்கிறாள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 'பையன் ஹாஸ்டலில் ஏதோ தகராறு என்கிறான், என்னவென்று கேட்டுச் சொல்' என்று எழுதியிருந்தாய். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. கொழும்பிலேயே வளர்ந்தவன் இல்லையா, சென்னைத் தமிழைப் படத்திலும் யூடியூபிலும்தான் கேட்டிருக்கிறான். அவனைப் பொறுத்தவரை மச்சி என்றால் நண்பன், அவ்வளவுதான். அதனால் கண்ணில் படுகிறவரையெல்லாம் மச்சி என்று கூப்பிட்டிருக்கிறான்.

முதல் ஞாயிறு என் வீட்டுக்கு வந்தபோதே இதைக் கவனித்தேன். தெருமுனை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். டீ மாஸ்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். இவன் போய் நின்று, "மச்சி, ரெண்டு டீ" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான், முகத்தில் சிரிப்பு. மாஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த மூன்று பேருக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் இரண்டு கிளாஸைப் பலகையில் வைத்து, "இந்தாங்க சார்" என்றார். பத்து வருஷமாக என்னிடம் "வாப்பா" என்று பேசுகிற மனிதர். அந்த 'சார்' அவனுக்கு மரியாதையாகத் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவர் கதவைச் சாத்திவிட்டார் என்று அர்த்தம்.

அங்கே 'மாஸ்டர்' என்றிருக்கலாம், 'அண்ணே' என்றிருக்கலாம். இரண்டிலும் அவருடைய வயதுக்கும் கைவேலைக்கும் ஓர் இடம் இருக்கிறது. மச்சியில் அது கிடையாது. மச்சி என்று கூப்பிட்டவுடன் வினையும் தானாக ஒருமைக்கு இறங்கிவிடும்: வா, போ, குடு, சொல்லு. "மச்சி, ரெண்டு டீ குடுங்க" என்று சொல்லிப் பார், நாக்கே இடறும். ஊர்ப்பக்கம் உறவுமுறையில் "வாங்க மச்சான்" என்பது தினமும் கேட்கிற பேச்சு. சென்னைத் தெருவின் மச்சிக்கு 'ங்க' ஒட்டாது.

இதை அவனுக்கு விளக்க உறவுமுறையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. மாமன் மகன், அத்தை மகன், அக்கா புருஷன், மனைவியின் அண்ணன் தம்பி, இவர்களெல்லாம் மச்சான் முறை. பெரியப்பா, சித்தப்பா மகன்கள் பங்காளிகள். அவர்களோடு அண்ணன் தம்பி என்ற வரிசை உண்டு, சொத்தில் பங்கு உண்டு, அதனால் மனத்தாங்கலும் உண்டு. மச்சானோடு பங்குச் சண்டை இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல்தான். கேலி பண்ணும் உரிமை அங்கேதான் இருக்கிறது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற மச்சினனே அடுத்த நிமிஷம் அவரை ஓட்டுவான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நண்பர்கள் தங்களுக்குள் அண்ணன் தம்பி என்று வைத்துக்கொண்டால் யார் மூத்தவன் என்ற கேள்வி வந்துவிடும். அதனால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். மதுரைப் பக்கத்து 'மாப்ள'யும் அதே உரிமையில் பிறந்ததுதான்.

ஆனால் மச்சான் வேறு, மச்சி வேறு. 'எங்க மச்சான் ஊருக்குப் போயிருக்காரு' என்று ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லலாம். 'மச்சி ஊருக்குப் போயிருக்கான்' என்று சொல்லிப் பார், அரைகுறையாக நிற்கும். மச்சி கூப்பிட மட்டுமே ஆன சொல். எதிரே ஆள் இருக்க வேண்டும், அல்லது போனிலாவது இருக்க வேண்டும். நம் கீழக்கரைக்காரன் அறைக்கு வந்த முதல் வாரம் நினைவிருக்கிறதா? அவன் வீட்டில் அண்ணன் மனைவியைத்தான் மச்சி என்பார்கள். "மச்சி, எழுந்திரு" என்று நீ அவனை உலுக்கியதும் அவன் திருதிருவென்று விழித்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீ அங்கே கேட்கிற 'மச்சாள்' இன்னொரு கிளை. இப்போது இங்கே கல்லூரிப் பெண்களும் தங்களுக்குள் மச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். உன் மகனின் வகுப்பில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அவன் அசந்துபோனானாம்.

இனி தகராறு. கல்லூரியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்தது. இவனுடைய ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒரு சீனியர் பைக்கைக் குறுக்கே போட்டிருக்கிறான். இவன் போய், "மச்சி, வண்டிய எடு" என்றிருக்கிறான். சீனியர் திரும்பிப் பார்த்து, "என்ன மச்சி?" என்றிருக்கிறான். இவன் அதைச் சிநேகிதமான விசாரிப்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, "வண்டிய எடு மச்சி" என்று திரும்பச் சொல்லியிருக்கிறான். சட்டைக் காலரில் கை விழுந்துவிட்டது. அடி எதுவும் இல்லை, மற்ற பையன்கள் விலக்கிவிட்டார்கள்.

சீனியர் எப்படிச் சொன்னான், அதே மாதிரி சொல்லிக் காட்டு என்று கேட்டேன். சொல்லிக் காட்டினான். 'என்ன' மேலே போகவில்லை, தட்டையாக நின்றது. 'மச்சி' கீழே இறங்கி, கடைசி இகரம் வெட்டுப்பட்டதுபோல் முடிந்தது. கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. நீயாக இருந்தாலும் அந்த இடத்தில் ஓர் அடி பின்னால் வைத்திருப்பாய். அதே இரண்டு சொல்லை, 'என்ன'வைச் சற்று இழுத்து 'மச்சி'யை மேலே தூக்கிச் சொன்னால், ரொம்ப நாள் கழித்துப் பார்த்தவனை விசாரிப்பது. தாழ்த்தி வெட்டினால், 'நீ யார் என்னை அப்படிக் கூப்பிட?' என்பது.

அதோடு உன் மகன் சொல்லை வைத்த இடமும் சேர்ந்துகொண்டது. 'மச்சி' முன்னால் வந்து ஒரு சின்ன இடைவெளி விட்டால் அது கூப்பிடுவது: மச்சி, கொஞ்சம் வண்டிய எடேன். அந்த 'கொஞ்சம்', அந்த 'எடேன்' இரண்டும் வேண்டும். பழகியவனிடம் பின்னால் வைத்தால் கட்டளையின் முனை மழுங்கும். 'கெளம்பு மச்சி, லேட்டாச்சு' என்பதில் அதட்டல் இல்லை. பழகாதவனிடம், அதுவும் ஒரு தடவை சொன்னதையே திரும்பச் சொல்லும்போது பின்னால் வைத்தால், விரலை நீட்டிச் சொல்வதுபோல் ஆகிவிடும். இவன் சிரித்துக்கொண்டே சொன்னது அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. எதிரில் நிற்பவனுக்கு அது எகத்தாளமாகத்தானே தெரியும்?

ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். "மச்சீ..." என்று கடைசியை இழுத்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம், பெரும்பாலும் காசு. நீ மாசக் கடைசியில் இழுப்பாயே, அந்த நீளத்தை வைத்தே ஐம்பதா நூறா என்று எனக்குத் தெரியும். "மச்சி மச்சி மச்சி" என்று மூச்சு விடாமல் அடுக்கினால் கெஞ்சல். "டேய் மச்சி" என்றால் திட்டு வரப்போகிறது, ஆனால் நம்மவன் என்று சேர்த்துக்கொண்டு திட்டுவது. "இன்னா மச்சி, மறந்துட்டியா" என்பதில் கேலியும் இருக்கும், உள்ளே கொஞ்சம் வலியும் இருக்கும். இதையெல்லாம் அவன் நோட்டில் எழுதிக்கொள்ளப் போனான். வேண்டாம், காதால் கேள் என்றேன்.

அவன் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப யாரைத்தான் அங்கிள் கூப்பிடலாம்?" என்றான். அவன் உன்னைக் கூப்பிட்ட பிறகு நீ கூப்பிடு என்றேன். வயது ஒத்தவனாக இருந்தாலும் முதல் நாள் 'பாஸ்' போதும், 'ப்ரோ' போதும். அவற்றில் உரிமை கொஞ்சம்தான், யாருக்கும் உறுத்தாது. சேர்ந்து ஒரு டீ குடித்து, ஒரு அசைன்மென்டைப் பார்த்து எழுதிய பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே மச்சி வரும். முன்கூட்டி எடுத்துக்கொண்டால்தான் இடறும். இந்தச் சொல்லுக்கு ஊர்ப்பக்கம் இன்னும் பழைய எடை உண்டு. மச்சான் என்றால் 'உன் அக்கா தங்கையைக் கட்டிக்கொள்ளும் முறைக்காரன் நான்' என்று பொருள் எடுத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. சாதி குறுக்கே வந்தால் அது விளையாட்டாக முடியாது. சென்னையில் அந்த எடை கரைந்துவிட்டது. ஆனால் ஹாஸ்டலில் எல்லா மாவட்டத்துப் பையன்களும் இருக்கிறார்களே.

அங்கே சிங்களப் பையன்கள் உன்னை 'மச்சாங்' என்று கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். நம்மிடமிருந்து போனதுதான். அவர்கள் மொழியில் மச்சான் முறைக்கு 'மஸ்ஸினா' என்ற சொல் தனியாக இருக்கும்போதே, நட்புக்கு நம் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் மலாய், சீனப் பையன்களும் தமிழ் நண்பனை 'மச்சா' என்கிறார்கள். உன் மகன் கொழும்பில் அந்தத் தாராளத்தைக் கேட்டு வளர்ந்தவன். இங்கே வந்து தடுமாறியதில் அவன் தப்பு பாதிகூட இல்லை.

என் அலுவலகத்தில் நடந்ததையும் அவனிடம் சொன்னேன். போன வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது என்று எழுதினேன் அல்லவா? கூடவே பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன், மதியச் சாப்பாட்டை என்னோடு பகிர்ந்தவன், மறுநாள் காலை வாசலில் "வாங்க சார்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மேலே ஏறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தும் என்னால் வேலையில் இறங்க முடியவில்லை. நாலு மாசம் அப்படியே போனது. ஒரு நாள் மழையில் என் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது பின்னாலிருந்து வந்து, "தள்ளு மச்சி, நான் மிதிக்கிறேன்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மீட்டிங்கில் இன்னும் சார்தான், அது சரி. டீக்கடையில் மச்சி திரும்பிவிட்டது.

உன் மகன் அந்த சீனியரிடம் போய், "அண்ணா, எனக்கு எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல, சாரி" என்று சொல்லியிருக்கிறான். அவனும் சரி விடு என்றுவிட்டானாம். டீ மாஸ்டரிடமும் போன ஞாயிறு, "மாஸ்டர், ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்றான். கிளாஸ் உடனே வந்தது. "உன் சொந்தக்காரப் பையனாப்பா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அவனுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஞாயிறு மதியம் இங்கே வரச்சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு வருகிறாய் என்றால் டிக்கெட் எடுத்ததும் நேரத்தை எழுது, விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். கீழக்கரைக்காரனுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைக்காரன்